இலைக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



என் மகளோட வளைகாப்புக்கு நீங்க பாதிப்பேர் வந்திருந்தீங்க. அதுக்கு அப்புறம் ரெண்டு மூணு குழுக் கூட்டத்துல, "சமையலுக்கு யாரைப் புடிச்சே, எப்படிப் புடிச்சே?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்றதைவிட இங்கேயே சொல்லிடுன்னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால வந்து நிற்கிறேன்.

நான் கல்யாண மண்டபத்தில் பதினோரு வருஷம் ஸ்டோர் பார்த்தவள். சமையல்காரர்களுக்கு மளிகை அளந்து கொடுக்கிறது, மிச்சத்தை எண்ணி வாங்கி வைக்கிறதுதான் வேலை. ஒரு வருஷத்தில் எத்தனையோ மாஸ்டர்கள் வந்து போவார்கள். யார் எப்படி வேலை செய்வார்கள் என்று அடுப்படி வாசலில் நின்றே பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

வளைகாப்புக்கு நான் குழுவில் வாங்கிய உள்கடன் 40,000 ரூபாய். கையில் இருந்தது 25,000. இதில் பெரும்பகுதி சாப்பாட்டுக்குத்தான் போகும் என்று முதலிலேயே தெரியும். பணம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வளைகாப்புக்கு யார் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்திருக்கிற பெண், அவளோடு படித்த கர்ப்பிணிப் பிள்ளைகள், மடியில் குழந்தையோடு வருகிறவர்கள், வயசான ஆச்சிகள். கல்யாணத்தில் நாலு பேருக்கு வயிறு சரியில்லை என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஏழாம் மாசத்தில் இருக்கிறவளுக்கு வாந்தியும் பேதியும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிதான்.

அதுவும் வளைகாப்புச் சாப்பாடு மற்ற விசேஷச் சாப்பாடு மாதிரி இல்லை. நம்ம பக்கம் ஏழு வகைச் சாதம் போடுவோம். எங்க வீட்டில் சர்க்கரைப் பொங்கல், புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தக்காளிச் சாதம், தேங்காய்ச் சாதம், கறிவேப்பிலைச் சாதம், தயிர்ச் சாதம் என்று வைத்திருந்தோம். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், கலந்த சாதத்துக்குச் சோற்றை ஆறவைத்துத்தான் கிளற வேண்டும். சூட்டோடு கிளறினால் குழைந்து போகும். ஆக, வடித்த சோறு வெகுநேரம் ஆறிக் கிடக்கிற ஒரே விசேஷம் இதுதான் என்று சொல்லலாம்.

அந்த ஆறின சோற்றில்தான் விஷயம் இருக்கிறது. அரிசியில் இயற்கையாகவே இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து, உலை கொதித்தாலும் சாகாது. சோறு சூடாக இருக்கும் வரைக்கும் அது சும்மா கிடக்கும். சோறு வெதுவெதுப்பாகக் குவியலாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. சோற்றில் வாடை வராது, ருசியும் மாறாது. சாப்பிட்ட ஓரிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி எடுக்க ஆரம்பிப்பார்கள். நம்ம ஆட்கள் "கண்ணு பட்டுடுச்சு"ன்னு சுத்திப் போடுவாங்க. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு. 60 டிகிரி என்றால் விரலை வைத்தால் வைத்திருக்க முடியாது, உடனே எடுத்துவிடுவோம். அடுப்படியில் நமக்கு அந்த அடையாளம் போதும்.

அதனால் நான் சமையல்காரர் தேடப் போனபோது, "இலைக்கு எவ்வளவு?" என்று முதலில் கேட்கவில்லை. "தேங்காய்ச் சாதம் எத்தனை மணிக்குக் கிளறுவீங்க?" என்று கேட்டேன். 12 மணிக்குப் பந்தி. ஒருத்தர், "காலையில ஏழு மணிக்கெல்லாம் ஏழு சாதமும் ரெடியாயிரும்மா, கவலையே படாதீங்க" என்றார். நமக்குக் கவலையே அதுதான்.

மொத்தம் மூன்று பேரைப் பார்த்தேன். முதல் ஆள் என் கொழுந்தனார் கூட்டி வந்தவர். அவருக்குப் பழக்கம், "மதினி, நான் சொன்னா ரேட்டைக் குறைச்சுக்குவாரு" என்றார். இரண்டாவது, பக்கத்து டவுனில் சொந்தமாகச் சமையல்கூடம் வைத்து நடத்துகிற ஒரு அம்மா. மூன்றாவது, சமையல் கூலிக்கு மட்டும் வருகிற மாஸ்டர். சாமான் நாம் வாங்கிக் கொடுக்க வேண்டும். சொந்தக்காரர் சொன்ன ஆளை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும். அதுக்கு நான் என்ன செய்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் ருசி. சமையல்காரர் வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிற சாம்பிளை வைத்து முடிவு பண்ணக் கூடாது. நாலு பேருக்கு வீட்டம்மா கைப்பக்குவத்தில் செய்து டிபன் கேரியரில் அனுப்புவார்கள், அமிர்தமாக இருக்கும். 250 பேருக்கு அண்டாவில் செய்வது வேறு வித்தை. அவர் உண்மையிலேயே சமைக்கிற ஒரு விசேஷத்துக்குப் போய்ச் சாப்பிட வேண்டும். விசேஷ வீட்டாரிடம் சமையல்காரரே சொல்லி அனுமதி வாங்கித் தர வேண்டும். நல்ல ஆளாக இருந்தால் வாங்கித் தருவார்கள். நாமும் சும்மா போகாமல் ஒரு மொய் எழுதிவிட்டு உட்காரலாம்.

போனால் முதல் பந்தியில் உட்காராதீர்கள். கடைசிப் பந்திக்குப் போங்கள். முதல் பந்தியில் எல்லாருடைய சமையலும் நன்றாகத்தான் இருக்கும். கூட்டம் அதிகமாகிவிட்டது என்று தெரிந்ததும் சாம்பாரில் வெந்நீர் விட்டு விளாவுவதும், பாயசத்தை நீர்க்க விடுவதும் கடைசிப் பந்தியில்தான் நடக்கும். நான் சாப்பிட்ட ஒரு இடத்தில் சாம்பார் இலையில் நிற்காமல் ஓடியது, ஆனால் பாத்திரத்தில் பார்த்தால் கெட்டியாகத் தெரிந்தது. அண்டாவின் அடியில் பருப்பு தங்கிவிட, மேலே வெந்நீர் நிற்கிறது. இன்னொரு வகை கெட்டி உண்டு. பருப்பைக் குறைத்துவிட்டுக் கடலை மாவோ அரிசி மாவோ கரைத்து விடுவார்கள். சூட்டில் தெரியாது. இலையில் ஒரு ஓரமாகக் கொஞ்சம் சாம்பாரை விட்டுவைத்துச் சாப்பிட்டு முடித்த பிறகு பாருங்கள். மாவு கரைத்தது ஆறினால் மேலே ஏடு கட்டிப் பசை மாதிரி ஒட்டும். பருப்புச் சாம்பார் ஆறினாலும் விரலில் மணல் மணலாகத் தெரியும்.

வடையைப் பிய்த்துக் கையால் அழுத்தினால் எண்ணெய் வழியக் கூடாது. சோடா உப்பு அதிகமாகப் போட்டால் வடை எண்ணெய் குடிக்கும், மேலே சீக்கிரம் சிவந்துவிடும், தின்ற பிறகு நாக்கில் ஒரு வழுவழுப்பும் லேசான கசப்பும் நிற்கும். சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டால் மேல் அண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒட்டுகிறதா என்று பாருங்கள். ஒட்டினால் நெய் என்று சொல்லி வனஸ்பதி போட்டிருக்கிறார்கள். நெய் வாய்ச் சூட்டில் உருகி இறங்கிவிடும். இதைக் கண்டுபிடித்ததும் சண்டை போட வேண்டியதில்லை. வனஸ்பதிதான் போடுவேன் என்று சொல்லிவிட்டு அந்த விலை சொன்னால் அது ஒரு கணக்கு. நெய் விலை சொல்லிவிட்டு வனஸ்பதி போட்டால்தான் தப்பு.

ருசியில் மாஸ்டர்தான் முதல். அதில் சந்தேகமே இல்லை. அவருடைய புளியோதரையை என் மாமியார் இன்னும் பேசுகிறார். இரண்டாவது அம்மாவின் சமையல் அதுக்கு ஒரு படி கீழே. கொழுந்தனார் சொன்ன ஆளுடைய சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை, கடைசிப் பந்தியில் ரசம் தவிர.

அடுத்து விலை. மூன்று பேரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். இப்படிச் சொன்னால் ஒப்பிட முடியாது. அதனால் ஒரே தாளில் 250 இலைக்கு, ஒரே மெனுவுக்கு எழுதினேன். ஏழு சாதம், வெள்ளைச் சாதம், சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், வடை, அப்பளம், பாயசம், ஒரு தண்ணீர் பாட்டில். கோடு போட்டு மூன்று பத்தி பிரித்து, குழுக் கணக்குப் புத்தகம் மாதிரி.

முதல் ஆள் இலைக்கு 165 ரூபாய் என்றார். கேட்கிறவர்களுக்கு அதுதான் குறைச்சல். 250 இலைக்கு 41,250 ஆகிறது. "பரிமாற ஆள் யாரு?" என்று கேட்டேன். "அது தனிம்மா." எட்டுப் பேருக்குத் தலைக்கு 800, ஆக 6,400. இலை எடுத்து மேஜை துடைக்க மூணு பேர், தலைக்கு 600, அது 1,800. வண்டி வாடகை 2,500. தண்ணீர் பாட்டில் 7 ரூபாய் வீதம் 1,750. எல்லாம் கூட்டினால் 53,700. இலைக்கு 165 என்று சொன்னது 215 ரூபாய் பக்கம் வந்து நின்றது.

இரண்டாவது அம்மா இலைக்கு 205 என்றார். பரிமாறுகிற ஆள், சுத்தம் செய்கிற ஆள், வண்டி, தண்ணீர், ஜிஎஸ்டி எல்லாம் அதற்குள்ளேயே. 51,250. மாஸ்டருடைய கணக்கில் மளிகை 21,000, காய்கறி, பால், தயிர் 9,000, கூலி 12,000, காஸும் பாத்திர வாடகையும் 4,500, இலை 1,000. மொத்தம் 47,500. பரிமாற நம்ம வீட்டு ஆட்கள்.

இதோடு விட்டுவிடக் கூடாது. "குறைந்தபட்சம் எத்தனை இலை?" என்று கேட்க வேண்டும். 250 பேரைக் கூப்பிடுகிறோம், 250 பேரும் வருவார்களா? முகூர்த்த நாளாக இருந்தால் ஒரே நாளில் நாலு வீட்டு விசேஷம் இருக்கும். முதல் ஆள், எத்தனை பேர் சாப்பிட்டாலும் 250 இலைக்குப் பணம் என்றார். அந்த அம்மா குறைந்தபட்சம் 200, அதுக்கு மேலே ஓடின இலைக்கு மட்டும் பணம் என்றார். 210 பேர் வந்தால் என்ன ஆகும் என்று தாளிலேயே போட்டுப் பார்த்தேன். முதல் ஆளுக்கு அதே 53,700. அந்த அம்மாவுக்கு 43,050. வித்தியாசம் 10,650 ரூபாய். உள்கடனில் நாலில் ஒரு பங்கு.

மாஸ்டர் கணக்கு பார்க்கக் குறைவாகத் தெரிகிறது. ஆனால் கூலிச் சமையலில் மளிகை லிஸ்ட்டைப் படிக்கத் தெரிய வேண்டும். அவர் எழுதிய லிஸ்ட்டில் அரிசி 50 கிலோ இருந்தது. ஒரு இலைக்கு எல்லாச் சாதத்துக்கும் சேர்த்து 125 கிராம் அரிசி தாராளம். 250 இலைக்கு 31 கிலோ சொச்சம். வீட்டுக்குப் போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்ட இன்னும் 5 கிலோ. ஆக 36 கிலோ போதும். மிச்சம் 14 கிலோ எங்கே போகும் என்று ஸ்டோர் பார்த்த எனக்குத் தெரியும். அதைப் பற்றி அவரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே திருத்திக் கொடுத்தார், கோபப்படவில்லை. சில மாஸ்டர்கள் திருடுவதற்காக எழுதுவதில்லை, பற்றாமல் போனால் பெயர் கெடுமே என்று பயத்தில் எழுதுகிறவர்களும் உண்டு. ஆனால் அவர் பயத்துக்கு நம்ம கடன் பணம் போகக் கூடாது இல்லையா?

கூலிச் சமையலில் இன்னொன்று, அடுப்படியில் நம்ம வீட்டுப் பெண் ஒருத்தி விடியற்காலையிலிருந்து நிற்க வேண்டும். சாமான் கொடுக்க, பார்த்துக்கொள்ள. மகளுக்கு வளையல் போடுகிற நேரத்தில் நான் அடுப்படியில் நிற்க முடியாது. கூடப்பிறந்த அக்கா தங்கச்சி நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு அது சரிப்படும்.

இப்போது கொழுந்தனார் விஷயத்துக்கு வருகிறேன். தாளைக் காட்டியபோதே அவர் முகம் கொஞ்சம் மாறியது. இருந்தாலும், "அவரு நம்ம ஆளு மதினி, பேசிக் குறைச்சிரலாம்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. "தம்பி, ஞாயித்துக்கிழமை அவரு சமைக்கிற இடத்துக்கு நீங்களும் வாங்க, ரெண்டு பேரும் பார்த்துட்டு வருவோம். பார்த்துட்டு நீங்க சொல்றபடி செய்வோம்" என்றேன். வார்த்தையாலே சொன்னால் பகை வரும். கண்ணால் பார்க்கட்டும் என்று விட்டேன்.

சமையல்கூடம் பார்க்கப் போகிறவர்கள் பந்தி நேரத்துக்குப் போனால் ஒன்றும் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் காய் நறுக்குகிற நேரம் ஒரு தடவையும், விசேஷத்தன்று காலை ஏழு மணிக்கு ஒரு தடவையும் போக வேண்டும். நாங்கள் முந்தின நாள் ஆறு மணிக்குப் போனோம். முதலில் தண்ணீரைப் பார்த்தேன். லாரித் தண்ணீர் வாங்கித் தொட்டியில் விட்டிருந்தார்கள். தொட்டிக்கு மூடி இல்லை. சமையலுக்கு எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். கொதிக்கத்தானே போகிறது என்றார்கள். சோறு கொதிக்கும், சரி. துவையலும் பச்சடியும் கொதிக்காதே! மல்லித்தழையை அலசுகிற தண்ணீரும் கொதிக்காது.

அடுத்து தேங்காய். மறுநாள் மத்தியானத்துக்கு உண்டான தேங்காயை அன்றைக்குச் சாயங்காலமே துருவி, பிளாஸ்டிக் வாளியில் திறந்தபடி வைத்திருந்தார்கள். துருவின தேங்காய் இந்த வெயிலில் ராத்திரி தாங்காது. காலையில் புளிப்பு வாடை வந்தாலும் தாளித்துக் கொட்டினால் தெரியாது. தேங்காயை உடைத்து வைக்கலாம், துருவுவது காலையில்தான் இருக்க வேண்டும். காய்கறியை முந்தின நாள் நறுக்குவதைப் பெரிய குற்றமாக நான் சொல்ல மாட்டேன், 250 பேருக்கு வேறு வழியில்லை. தரையில் கொட்டாமல், ஈரத்தோடு மூட்டை கட்டாமல், அலசி வடியவிட்டு மூடி வைத்திருந்தால் போதும்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனால் ஏழு சாதமும் தயார். அவர் சொன்னபடியேதான். வடித்த சோற்றைத் தார்ப்பாயில் மலை மாதிரி குவித்து ஆற வைத்திருந்தார்கள். மேலே தொட்டால் ஆறியிருந்தது. கொழுந்தனாரை உள்ளே கையை விட்டுப் பார்க்கச் சொன்னேன். நடுவில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்த வெதுவெதுப்புதான் கிருமிக்கு மெத்தை. பரந்த தட்டுகளில் மெல்லிசாகப் பரப்பினால் சீக்கிரம் ஆறிவிடும். அதுக்குத் தட்டு வேண்டும், இடம் வேண்டும், கூட ஒரு ஆள் வேண்டும். 165 ரூபாயில் அது வராது.

அந்தக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்த பையன் ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தான். காய் நறுக்கும்போது வெட்டிவிட்டதாம். சீழ் பிடித்த விரலிலிருந்தும் மூக்கிலிருந்தும் வருகிற கிருமி ஒன்று உண்டு. அதுவும் இதே மாதிரி சூட்டுக்கு அடங்காத நஞ்சை உண்டாக்கும். காயம் பட்டவனை விரட்ட வேண்டாம், பாவம், கூலிக்கு வந்தவன். பாத்திரம் தூக்க, சாமான் இறக்க விடலாம். சோற்றில் கை வைக்கிற வேலை கொடுக்கக் கூடாது. அதே மாதிரி தோளில் கிடக்கிற துண்டையும் பாருங்கள். முகம் துடைத்த துண்டாலேயே கரண்டியையும் இலையையும் துடைக்கிறார்களா என்று. கழிப்பறைப் பக்கம் சோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சோப்பு இல்லை என்றால் கை கழுவவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது கொழுந்தனாரே சொன்னார், "மதினி, நாமளும் போன மாசம் அவரு போட்ட சாப்பாட்டைத்தானே சாப்பிட்டோம்?" நான் ஆமாம் என்றேன். அப்புறம் அவர் அந்த ஆளைப் பற்றிப் பேசவில்லை. அந்தச் சமையல்காரரிடம் அவரே போய், மகளுடைய வீட்டார் வேறு ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று பக்குவமாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பகையும் இல்லை, அவருக்கு அவமானமும் இல்லை.

அந்த அம்மாவுடைய கூடத்துக்கும் இதே மாதிரி இரண்டு தடவை போனோம். மாளிகை மாதிரி எல்லாம் இல்லை. தகரக் கூரைதான், சுவரில் கரி படிந்துதான் இருந்தது. கரி வேறு, அழுக்கு வேறு, அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தொட்டிக்கு மூடி இருந்தது. குடிக்கவும் துவையலுக்கும் கேன் தண்ணீர். புளி கரைத்த குழம்புக்கெல்லாம் எவர்சில்வர் அண்டா. பித்தளை அண்டா இரண்டு இருந்தது, உள்ளே கையை விட்டுப் பார்த்தேன், ஈயம் வெள்ளையாக இருந்தது. ஈயம் போன பித்தளையில் புளி ஊற்றினால் களிம்பு இறங்கும், குமட்டும். பழைய ஆட்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இளவட்டப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்.

உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அதில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். பெயர், முகவரி சரியா என்று பாருங்கள். foscos.fssai.gov.in என்கிற இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும், படிக்கிற பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை. சான்றிதழ் இருப்பதாலேயே அடுப்படி சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஆனால் ஏதாவது ஆனால் புகார் கொடுக்க ஒரு பெயரும் முகவரியும் இருக்கிறது என்று அர்த்தம். புகாரை மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் கொடுக்கலாம்.

அந்த அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வியையே கேட்டேன். தேங்காய்ச் சாதம் எத்தனை மணிக்கு? அவர் சொன்ன பதில்: "புளிக்காய்ச்சல் முந்தின நாளே பண்ணிருவேன், அது கெடாது. பத்து மணிக்கு முதல் உலை இறக்கிப் பரத்துவேன். புளியோதரை, எலுமிச்சை, தக்காளி அப்பக் கிளறிருவோம். தேங்காயும் தயிரும் பதினொன்றரைக்கு மேலதான். ரெண்டாம் பந்திக்குத் திரும்ப ஒரு உலை." எனக்கு வேறு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. புளியும் எலுமிச்சையும் புளிப்பு, கிருமி வளர்வதைக் கொஞ்சம் தடுத்து வைக்கும். தேங்காய்ச் சாதத்தில் அந்தப் புளிப்பு கிடையாது, அதனால் அதைக் கடைசியில் கிளற வேண்டும். அந்த அம்மாவுக்கு யாரும் வகுப்பு எடுத்திருக்க மாட்டார்கள். தெரிந்து செய்கிறார்.

மாஸ்டருடைய புளியோதரையை விட்டுவிட்டு இவரைப் பிடித்ததில் என் மாமியாருக்கு இன்றைக்கும் வருத்தம்தான். பரவாயில்லை.

பேச்சோடு விடாமல் எழுதி வாங்கினோம். ஒரு பக்கம்தான். தேதி, பந்தி நேரம், மெனு, இலைக்கு 205, அதில் என்னென்ன சேர்த்தி, குறைந்தபட்சம் 200 இலை, கலந்த சாதம் கிளறுகிற நேரம், துருவின தேங்காய் அன்று காலையில், இலை எண்ணுவது எப்படி. முன்பணம் 5,000. விசேஷத்தன்று காலை சாமான் வந்து இறங்கினதும் 20,000. பாக்கி, இலை எண்ணின பிறகு.

பொட்டலம் விஷயத்தில் மட்டும் எனக்கும் அந்த அம்மாவுக்கும் கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. வழக்கப்படி ஏழு சாதத்தையும் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிடலாம் என்றார். நான் புளியோதரையும் எலுமிச்சையும் மட்டும் போதும் என்றேன். மத்தியானம் கட்டின தேங்காய்ச் சாதம் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போய், வீட்டில் ராத்திரி எட்டு மணிக்குப் பிரித்தால் என்ன ஆகும்? அதுவும் தனியாக ஊருக்குப் போன கர்ப்பிணிப் பிள்ளை பிரித்தால்? "சொந்தக்காரங்க குறை சொல்வாங்களே" என்றார். சொல்லட்டும் என்றேன். இரண்டு பேர் சொன்னார்கள். கொடுக்கும்போதே, சாயங்காலத்துக்குள்ளே சாப்பிட்டிருங்க, ராத்திரிக்கு வைக்காதீங்க என்று என் தங்கச்சி ஒவ்வொருத்தரிடமும் சொல்லிக் கொடுத்தாள்.

இலை எண்ணுவதைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன், நேரம் ஆகிவிட்டது என்று செயலாளர் அக்கா பார்க்கிறார்கள். பந்தி ஆரம்பிப்பதற்கு முன்னால் இலைக்கட்டை நம்ம ஆள் ஒருத்தர் முன்னால் எண்ண வேண்டும். கிழிந்த இலையைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். பந்தி முடிந்ததும் மிச்ச இலையை எண்ணிக் கழித்தால் கணக்கு தெரிந்துவிடும். சமையல் ஆட்கள், பரிமாறுகிற ஆட்கள் சாப்பிடுகிற இலைக்கு நம்ம பணமா, அவர்கள் பணமா என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். மேளக்காரர், போட்டோக்காரர் இலை நம்ம கணக்கு, அது நியாயம்தான். எங்க வீட்டில் எண்ணுகிற வேலையைக் கொழுந்தனாரிடமே கொடுத்தேன். 260 இலை வந்தது, கிழிசல் 9, மிச்சம் 33. ஓடின இலை 218. சமையல் ஆட்கள் இலையை அந்த அம்மா தன் கணக்கில் வைத்துக்கொண்டார், அது 12. மீதி 206 இலைக்கு, 205 வீதம் 42,230 ரூபாய். கொடுத்திருந்த 25,000 போகப் பாக்கி 17,230. கொழுந்தனார் சாயங்காலம் நாலு மணிக்கு எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவந்தார்.

அந்த மூன்று பத்தித் தாளையும், எழுதி வாங்கின ஒப்பந்தத்தையும் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுத்து வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளலாம்.